ஏழு கணக்குக்கு ஒரே நம்பர்

பிள்ளைகளா, நீங்கள் ரெண்டு பேரும் எழுத்துக்கூட்டிப் படிப்பதற்கு முன்னாலேயே மனப்பாடமாகச் சொன்னது என் போன் நம்பரைத்தான். ஆடிப்பெருக்குக்குத் திருவையாற்றுப் படித்துறையில் கூட்டம் நெரியும். கை விட்டுப்போனால் யாரிடமாவது இந்தப் பத்து எண்ணைச் சொல்லுங்கள், நான் வந்துவிடுவேன் என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். சின்னவள் அதைப் பாட்டு மாதிரி இழுத்து இழுத்துச் சொல்வாள்.

அந்த நம்பர் இப்போது நம்முடையது இல்லை. அதிராம்பட்டினத்தில் ஐஸ் கட்டி உடைக்கும் இடத்தில் வேலை பார்க்கிற ஒருவருடையது. அவரிடம் நானே பேசியிருக்கிறேன், நல்ல மனிதர்.

போன நம்பர் போகட்டும், புது நம்பர்தான் இருக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்த ஒரு நம்பரை நம்பி ஏழு பேருடைய வங்கிக் கணக்கு இருந்தது. அதில் ஒருவர் உங்கள் நடவு அத்தை. நம் வயலுக்கு ஆள் கூட்டி வருவாங்களே, நீங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மடியிலிருந்து வேர்க்கடலை எடுத்துத் தருவாங்களே, அவங்கதான். அவங்க விஷயத்தில் நான் ரெண்டு தப்புப் பண்ணியிருக்கிறேன். நீங்கள் பெரியவர்களான பிறகு வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே எழுதிவைப்பது மேல்.

முதலில் ஏழு கணக்குக்கு ஒரே நம்பர் எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

பெரியவன் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். வங்கிக்காரர்கள் நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்து, கணக்கு இல்லாதவர்களுக்கெல்லாம் கணக்கு திறந்து கொடுத்தார்கள். நூறு நாள் வேலைக் கூலி இனிமேல் கணக்கில்தான் விழும் என்று சொல்லிவிட்டதால் வயலில் நின்ற பெண்கள் காலில் சேற்றோடு வந்து வரிசையில் நின்றார்கள். நான் அங்கே போனது வேறு காரியமாக. மதகுப் பலகை உடைந்துபோனதற்கு எழுதிய மனுவில் கையெழுத்து வாங்கப் போயிருந்தேன். விண்ணப்பத்தில் போன் நம்பருக்கு ஒரு கட்டம் இருந்தது. அந்த வரிசையில் ஆறு பேர் வீட்டில் அப்போது போன் கிடையாது. எழுதிக்கொண்டிருந்தவர் கட்டத்தை விடக்கூடாது என்கிறார். நான் பக்கத்தில் நிற்கிறேன், சட்டைப் பையில் போன் இருக்கிறது. "என் நம்பரைப் போடுங்க சார், நான் சொல்லிடறேன்" என்றேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஆறு பேருக்கும் அதுவே ஆனது. ஏழாவது என்னுடைய கணக்கு.

அதற்குப் பிறகு யாருக்குப் பணம் வந்தாலும் என் போன்தான் சத்தம் போடும். செய்தியில் பெயர் இருக்காது, கணக்கின் கடைசி நாலு எண் மட்டும் இருக்கும். எந்த நாலு எண் யாருடையது என்று எனக்கு நினைவில் நிற்கவில்லை. மோட்டார் கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் ஏழு வரி எழுதிவைத்தேன். அந்த எண்களுக்கு எதிரே பெயருக்குப் பதிலாக எனக்கு மட்டும் புரிகிற மாதிரி ஏதோ படம் கிறுக்கியிருந்தேன். ஒருவருக்கு வேப்ப மரம், ஒருவருக்கு ஆடு, நடவு அத்தைக்கு நாற்று முடி, கட்டி வைத்த ஒரு கைப்பிடி நாற்று. செய்தி வந்ததும் சுவரைப் பார்த்துவிட்டு வரப்பில் நின்று, "அக்கா, வந்துடுச்சு" என்று குரல் கொடுப்பேன். அவங்களும் குனிந்தபடியே "சரி தம்பி" என்பாங்க. அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு ஊரில் பத்துப் பேர் எழுதச் சொல்லி வருகிறார்கள், படிக்கச் சொல்லி வருகிறார்கள் என்றால் பெருமையாகத்தான் இருக்கும்.

இப்படி இருக்கும்போதுதான் முதல் தப்பு நடந்தது. ஒரு நாள் காலை டீக்கடையில், நான் அக்கா என்று கூப்பிடுகிற உங்கள் நடவு அத்தையின் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை, அதை முதலில் சொல்லிவிடணும். கையில் காசு இருந்தால் கடையில் இருக்கிற அத்தனை பேருக்கும் டீ சொல்லுகிற ஆள். அண்ணன் கேட்டால் அண்ணனுக்குக் கொடுப்பார், கூட்டாளி கேட்டால் கூட்டாளிக்குக் கொடுப்பார். வீட்டுக்கு வரும்போது துண்டு மட்டும்தான் தோளில் இருக்கும். அவரைப் பார்த்ததும் நான் வாய் சும்மா இல்லாமல், அக்காவுக்குப் பணம் வந்துவிட்டது, மொத்தமாக வந்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். நல்ல செய்தி சொல்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அவர் அக்காவை எடுக்கவைத்த அந்தப் பணம் நாலு நாளில் அறுவடை மிஷின் வாங்குகிறேன் என்று கிளம்பிய அவருடைய அண்ணனிடம் போய்ச் சேர்ந்தது. மிஷினும் வரவில்லை, பணமும் வரவில்லை. அக்கா என்னிடம் சண்டைக்கு வரவில்லை. அடுத்த வாரம் நாற்றங்காலில் நாற்று பறித்துக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போனேன். நாற்று முடியை வாய்க்கால் தண்ணீரில் அலசிக்கொண்டே சொன்னாங்க:

"எனக்கு வர்ற சேதி எனக்குத்தான் தம்பி. பொண்ணை நர்சுக்குப் படிக்க வைக்கணும்னு வச்சிருக்கேன். அதை உன் வாயில போட்டு வைக்கலை."

அன்றைக்கு மத்தியானம் பாஸ்புக்கை மஞ்சள் பையில் போட்டு உங்கள் அம்மாவிடம் கொண்டுவந்து கொடுத்தாங்க. நம் பீரோவில் துணிக்கு அடியில் ஒரு மஞ்சள் பை இருக்கிறதே, தொடக்கூடாது என்று அம்மா உங்களை அதட்டுவாளே, அது அதுதான். அன்றிலிருந்து நான் வரப்பில் நின்று குரல் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். அவங்களுக்குச் செய்தி வந்தால் பக்கத்தில் போய் மெதுவாகச் சொல்வேன். வீட்டுக்காரர் கேட்டால் கூலியெல்லாம் கடைக் கடனுக்குப் போய்விட்டது என்று அவங்க சொல்லிக்கொள்வாங்க. நூறு நாள் கூலி, மாதா மாதம் வருகிற உரிமைத் தொகை, எல்லாம் அந்தக் கணக்கில் அப்படியே நின்றது. பெண் பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்தாள்.

இதற்கு நடுவில் உங்களுக்கு ஆன்லைன் வகுப்பு என்று சொல்லி பெரிய போன் ஒன்று வாங்கினோம். அதற்குப் புது சிம். பழைய சிம்மைப் பழைய பட்டன் போனில் போட்டு அலமாரியில் வைத்தேன். ரெண்டு நம்பருக்கும் மாதா மாதம் ரீசார்ஜ் போடுவது நமக்குக் கட்டுப்படி ஆகவில்லை. பழையதற்குத் தோன்றும்போது போடுவேன். செய்தி வந்தால் போதும்தானே, யாரும் அதில் பேசப்போவதில்லை என்று இருந்துவிட்டேன். கோடை உழவு, குறுவை நடவு, அறுவடை, வைக்கோல் கட்டு, மழை, அடுத்து சம்பாவுக்கு நாற்று விடுவது என்று ஓடியதில் ஆறேழு மாதம் அதைத் திறந்தே பார்க்கவில்லை.

பணம் கணக்கில் நிற்கிறது என்ற நம்பிக்கையில் அதுவரைக்கும் கேட்காமல் இருந்த அக்கா புரட்டாசி நடுவில் வந்து கேட்டாங்க, இந்த மாதம் வரவில்லையா என்று. வரவில்லை என்றேன். பத்து நாள் கழித்து மறுபடியும் கேட்டாங்க. எனக்கு உறைத்தது அப்போதுதான். போனைச் சார்ஜ் போட்டுத் திறந்தால் டவரே இல்லை. கடைவீதியில் ரீசார்ஜ் கடைக்காரர் சிம்மைக் கழற்றித் தன் போனில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது செத்துப் பல நாள் ஆச்சுண்ணே" என்றார். ரொம்ப நாள் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தால் கம்பெனியே நிறுத்திவிடும், கொஞ்ச நாள் சும்மா வைத்திருந்து அப்புறம் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடும் என்றார். தஞ்சாவூரில் அந்தக் கம்பெனியின் ஷோரூமுக்கும் போனேன். அங்கே இருந்த பெண் கணினியில் பார்த்துவிட்டு, அந்த நம்பர் இப்போது வேறொருவர் பெயரில் இருக்கிறது, திரும்ப வாங்க வழியில்லை என்று மரியாதையாகவே சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து என் புதுப் போனிலிருந்து என் பழைய நம்பருக்கே கூப்பிட்டேன். மணி அடித்தது. எடுத்தவர்தான் அந்த அதிராம்பட்டினத்துக்காரர். நான் யார் என்று சொல்லி முடிப்பதற்குள் அவரே கேட்டார்:

"பேங்க் மெசேஜ் விஷயமாங்க? எனக்கு வந்துக்கிட்டே இருக்கு. ஒரு கணக்கா ரெண்டு கணக்கா, ஆறேழு வருது. நீங்க என்ன, ஃபைனான்ஸ் நடத்துறீங்களா?"

இல்லைங்க, விவசாயம் என்றேன். சிரித்தார். அவர் எதையும் தொடவில்லையாம், வருவதை அழித்துவிடுகிறாராம். "எனக்கு நல்ல புத்தி இருக்கு, எல்லாருக்கும் இருக்கும்னு சொல்ல முடியாது பாருங்க, சீக்கிரம் மாத்திடுங்க" என்றார். பஸ் வருகிற வரைக்கும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆறு பெண்கள் என்னை நம்பிக் கொடுத்த கட்டத்தில் இன்றைக்கு முகம் தெரியாத ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நல்லவராக இருந்தது என் சாமர்த்தியம் இல்லை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே மனு எழுத உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த விதத்தில்தான் எழுதினேன். வாய்க்கால் தூர்வாருவதற்கும், கொள்முதல் நிலையம் திறப்பதற்கும் எப்படி எழுதுவேனோ அப்படியே. 'கிளை மேலாளர் அவர்களுக்கு. பொருள்: செயலிழந்த கைபேசி எண்ணை மாற்றித் தருவது தொடர்பாக. ஐயா, கீழ்க்கண்ட ஏழு வாடிக்கையாளர்களாகிய நாங்கள்...' கீழே கட்டம் போட்டு ஏழு பெயர், ஏழு கணக்கு எண், ஏழு கையெழுத்துக்கு இடம். எல்லாருக்கும் என் புது நம்பரையே எழுதினேன். உங்கள் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மேட்டூர்ல தண்ணி திறந்துவிடச் சொல்றீங்களா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் வயல் வயலாக, வீடு வீடாகப் போய் ஆறு கையெழுத்தும் வாங்கினேன். எல்லாருக்கும் ஒரே குறை என்றால் ஒரே மனு. நமக்கு அதுதானே பழக்கம்.

வங்கியில் வாடிக்கையாளர் சேவை மேஜையில் ஒரு மேடம். என் வயதுதான் இருக்கும். மனுவை முழுக்கப் படித்தார்கள். கட்டத்தில் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினார்கள். பிறகு மனுவைக் கவிழ்த்து வைத்தார்கள். எழுத்து மேலே தெரியாதபடி கவிழ்த்தார்கள் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

"இதை ஊர்ல எத்தனை பேர் பார்த்தாங்க?"

"கையெழுத்துப் போட்டவங்கதாங்க மேடம். ஆறு பேர். எல்லாருக்கும் ஒரே விஷயம்தானேன்னு, வாய்க்காலுக்கு எழுதற மாதிரி ஒரே மனுவா..."

"வாய்க்கால் எல்லாருக்கும் பொதுங்க. கணக்கு ஒருத்தருக்குத்தான். ஒருத்தர் கணக்கு நம்பர் அடுத்தவருக்குத் தெரியவே கூடாதுன்னு நாங்க இங்க படாதபாடு படறோம். நீங்க ஏழையும் ஒரே தாள்ல எழுதி வீடு வீடாக் காட்டிட்டு வந்திருக்கீங்க."

கோபமாகச் சொல்லவில்லை. டீக்கடையில் வாயால் செய்ததைத்தான் இப்போது பேனாவால் செய்திருக்கிறேன் என்று தோன்றியது. இது என் இரண்டாவது தப்பு.

பிறகு அவர்கள் முறையைச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கடிதம் கொடுக்க வேண்டும், நேரில் வர வேண்டும். பழைய நம்பர் உயிரோடு இருந்தால் அதற்கு வருகிற ஓடிபியை வைத்து வேறு வழி உண்டு, செத்துவிட்டதால் கணக்கு இருக்கிற கிளைக்கு ஆளே வந்தாக வேண்டும். பாஸ்புக்கும் ஆதாரும் அசல் காட்ட வேண்டும், நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கணக்கு திறக்கும்போது போட்ட கையெழுத்தோடு கடிதத்துக் கையெழுத்து ஒத்துப்போக வேண்டும். என் புது நம்பரை எல்லாருக்கும் போடுவது நடக்காது என்றும் சொன்னார்கள். சொந்தக் குடும்பம் என்றாலாவது பேசலாம், சம்பந்தமில்லாத ஆறு பேருக்கு ஒரே நம்பர் என்றால் இப்போது மேலிடத்தில் கேள்வி வரும்.

"அவங்க வீட்டுல யார்கிட்டயும் போன் இல்லையா?" என்று கேட்டார்கள்.

இருக்கிறது என்றேன். அப்படியானால் அதைக் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றார்கள். அஞ்சு பேருக்கு அது சரிதான். ஆறாவது ஆளுக்கு ஏன் சரியில்லை என்பதை நான் அங்கே சொல்லவில்லை. அதையாவது சொல்லாமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

என் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். என் கணக்கு எண், செயலிழந்த பழைய எண்ணை நீக்க வேண்டும், இந்தப் புது எண்ணைப் பதிய வேண்டும். அவ்வளவுதான், ஆறே வரி. கையெழுத்து முதலில் ஒத்துப்போகவில்லை. அப்போது நான் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன், இப்போது பாதியிலேயே சுழித்து விடுகிறேன். மறுபடி பழைய மாதிரி எழுதிக் காட்டினேன். ஆதாரிலும் அந்தப் பழைய நம்பர்தான் இருக்கும், அது இதோடு தானாக மாறாது, அதற்குத் தனியாக மையத்துக்குப் போக வேண்டும் என்றும் நினைவுபடுத்தினார்கள். கூட்டு மனுவை என்ன செய்வது என்று கேட்டேன். என் கண் முன்னாலேயே கிழிக்கும் இயந்திரத்தில் விட்டார்கள். நூல் நூலாக வந்தது.

அஞ்சு பேருக்கும் அந்த வாரத்துக்குள் முடிந்தது. ஒருவர் மகன் நம்பர், ஒருவர் மருமகள் நம்பர். நடவு நேரம், ஒரு நாள் கூலி போகிறதே என்று முணுமுணுத்தார்கள். என்னைத் திட்டவும் செய்தார்கள். ரீசார்ஜுக்குக் காசில்லை என்றால் எங்களிடம் ஆளுக்குப் பத்து ரூபாய் கேட்டிருக்கலாமே என்று ஒருவர் கேட்டார்.

அக்காவிடம் கடைசியாகத்தான் போனேன். நடவு நடக்கிற வயலில், வரப்போரம் அழைத்துச் சொன்னேன். மேடம் சொன்னதையும் சொன்னேன், கூட்டு மனு தப்பு என்பதையும் சொன்னேன். சேற்றுக் கையை வாய்க்காலில் கழுவிக்கொண்டே கேட்டாங்க. கையை முந்தானையில் துடைத்துவிட்டுச் சொன்னாங்க:

"வீட்டுல இருக்கறது அவர் போன் ஒண்ணுதான். அதைக் கொடுத்தா ஒவ்வொரு பைசாவும் அவருக்கு முதல்ல தெரியும், அப்புறம்தான் எனக்கு. கணக்கை மூடிடலாமா தம்பி?"

மூடினால் பணத்தை எங்கே வைப்பீங்க என்று கேட்டேன். நான் ஒரு யோசனை சொன்னேன். கூடப் பிறந்த அக்கா என்று எழுதிவிட்டால் என் நம்பரையே போடலாம், யார் வந்து பார்க்கப்போகிறார்கள் என்றேன். அவங்க என்னை நிமிர்ந்து பார்த்தாங்க.

"பொய் எழுதி உன் போன்லயே திரும்பக் கட்டிப் போடறியா? வேணாம். எனக்குன்னு ஒரு போன் வாங்கிக் கொடு. காசு நான் தர்றேன். கூட வந்து நில்லு, போதும்."

வீட்டில் அவர் எடுத்துப் பார்த்தால் என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"பார்க்கட்டும். இத்தனை வருஷம் ஒளிச்சு வச்சேன், உன் பீரோவுல. பொண்ணு படிப்புக்குன்னு நானே சொல்லிடறேன் அவர்கிட்ட. என் போனை என்னைக் கேட்டுத்தான் எடுக்கணும்னும் சொல்லிடறேன்."

சொல்லிவிட்டு இறங்கி நடவைத் தொடர்ந்தாங்க. அந்தச் சங்கதியை அவங்க அன்றைக்கே முடிவு பண்ணினாங்களா, பல நாளாக மனதில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

கடைவீதியில் பட்டன் போன் ஒன்று வாங்கினோம். சிம் வாங்க விரல் ரேகை வைக்கச் சொன்னார்கள். நடவுக் கை, மூன்று விரலும் இயந்திரத்தில் விழவில்லை. கடைக்காரர் துணியால் துடைத்து, கொஞ்சம் பவுடர் தடவி, "அக்கா, கையை எங்கேயோ அடகு வச்சுட்டு வந்துட்டீங்க போல" என்றார். "உன் சோத்துக்குத்தான் தேஞ்சுபோச்சு" என்றாங்க. நாலாவது விரல் விழுந்தது. மறுநாள் சிம் வேலை செய்தது. ரீசார்ஜ் எத்தனை நாளைக்கு, எத்தனாம் தேதிக்கு முன்னால் மறுபடி போடணும் என்று கடைக்காரரிடம் ரெண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாங்க. என்னிடம் கேட்கவில்லை.

கடிதம் நான்தான் எழுதினேன். இந்தத் தடவை நம் வீட்டில் வைத்து எழுதவில்லை. வங்கியில், சுவரோரப் பலகையில் வைத்து, அவங்க சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன். இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொன்னாங்க. 'இந்த எண்ணைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும், வேறு எவருக்கும் என் கணக்கு விவரத்தைத் தெரிவிக்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.' கேட்டுக்கொள்கிறேன் என்பது மட்டும் நான் போட்டது. கையெழுத்து அவங்களுடையது. ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி நிறுத்திப் போட்டாங்க. கணக்கு திறந்த அன்றைக்குப் போட்டது போலவே இருந்தது, ஒரு சுழி மாறவில்லை.

மேடம் படித்தார்கள். கடைசி வரியில் நின்றார்கள்.

"இது யார் எழுதச் சொன்னது?"

"நான்தாங்க" என்றாங்க அக்கா.

மேடம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அக்காவிடம்தான் பேசினார்கள். நம்பரை அக்காவையே சொல்லச் சொல்லிக் கணினியில் ஏற்றினார்கள். உள்ளே இன்னொரு அதிகாரி சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் செய்தி வரும், வராவிட்டால் நாளைக்கு வாங்க என்றார்கள். ஓடிபி என்று ஒரு எண் வந்தால் யார் கேட்டாலும் சொல்லக்கூடாது, வங்கியிலிருந்து பேசுகிறேன் என்றாலும் சொல்லக்கூடாது என்றார்கள். "கூட வந்தவர் கேட்டாலும்" என்று சேர்த்தார்கள். அக்கா சிரித்துவிட்டாங்க. நானும் சிரிக்க வேண்டியதாயிற்று.

செய்தி வங்கியில் வரவில்லை. ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் பஸ்ஸுக்காக நின்றபோது வந்தது. இடுப்பில் செருகியிருந்த பையிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாங்க. நான் கை நீட்டினேன், பத்து வருஷப் பழக்கம். போன் என் கைக்கு வருவதற்குள், "இரு" என்று திரும்ப இழுத்துக்கொண்டாங்க. வெயிலுக்கு முந்தானையைக் குடையாகப் பிடித்துக்கொண்டு பார்த்தாங்க. கையெழுத்தைத் தவிர எழுத்து அவங்களுக்குத் தெரியாது, எண் தெரியும்.

"நம்ம கடைசி நாலு இருக்கு. சரிதான்" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாங்க.

நான் ஆற்றைப் பார்த்தபடி நின்றேன். தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்தது.

வங்கியில் காட்டிய பாஸ்புக்கை நான் மஞ்சள் பையில் திரும்ப வைத்திருந்தேன்; அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பையை வாங்கிப் போக வந்தாங்க. உங்கள் அம்மா எடுத்துக் கொடுத்தாள். வீட்டில் சொல்லியாயிற்றா என்று கேட்டதற்கு, சொல்லியாயிற்று, ரெண்டு நாளாகத் தட்டை நகர்த்தி நகர்த்திச் சாப்பிடுகிறார், சரியாகிவிடும் என்றாங்க. பிறகு ஒரு நாள் டீக்கடையில் அவரைப் பார்த்தேன். "உங்க அக்கா போன் வச்சிருக்காங்க தெரியுமா? பூட்டெல்லாம் போடலை, ஆனா தொட முடியலை" என்றார். வருத்தமாகச் சொன்னாரா வேடிக்கையாகச் சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. இப்போது உண்மையாகவே தெரியாது.

அதிராம்பட்டினத்துக்காரருக்கு ஒரு தடவை கூப்பிட்டு, இனிமேல் வராது என்று சொன்னேன். ஒரு வாரமாக வரவில்லைங்க, போனே அமைதியாக இருக்கிறது என்றார். நீங்கள் மனப்பாடம் பண்ணின நம்பரை மறந்துவிடச் சொல்லி உங்களிடமும் சொன்னேன். சின்னவள் புதுசையும் பாட்டாக இழுத்துவிட்டாள்.

நடவு முடிந்த மறுநாள் காலையில் நான் மட்டும் மோட்டார் கொட்டகைக்குப் போனேன். மோட்டாரைப் போட்டேன். கரிக்கட்டி எழுத்து சுவரில் அப்படியே இருந்தது. வேப்ப மரம், ஆடு, நாற்று முடி, அதற்கு எதிரே நாலு நாலு எண். வாளியில் தண்ணீர் பிடித்து, தேங்காய் நாரை நனைத்து மேலிருந்து தேய்த்தேன். ஆறு வரி போனது. ஏழாவது என்னுடைய கணக்கு, அது இருந்தால் ஒன்றுமில்லை. கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு அதையும் தேய்த்தேன். கறுத்த தண்ணீர் சுவரில் இறங்கி வாய்க்காலில் கலந்தது. சுவர் காயும் வரைக்கும் இருந்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன்.